பாட்டா முகம் சேறு பூசின மாதிரி வருது – ஆள் லோராவும் சுவர்ச்சித்திர ஸ்டைல் லோராவும் சேத்து போட்டா

தக்கலை_ஸ்டுடியோ
எல்லாருக்கும் வணக்கம். தக்கலைல சின்ன போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். எங்க பாட்டா போன வருசம் தவறிட்டாரு, வருசத்திதிக்கு ஒரு படம் பிரிண்ட் எடுத்து வீட்ல மாட்டணும்னு அம்மைக்கு ஆசை. சாதா போட்டோவா இல்லாம நம்ம பத்மநாபபுரம் அரண்மனைல இருக்குல்லா, அந்த சுவர்ச்சித்திர மாதிரி. மாமா ஒருத்தரு மியூரல் வரைய ஆளு, அவரு வரைஞ்ச 35 படத்த கேட்டு வாங்கி, படம் வரையுற ஏஐ மாடலுக்கு அந்த ஸ்டைல பழக்குற மாதிரி ஒரு ஸ்டைல் லோரா பண்ணினேன். பாட்டாவோட 22 போட்டோ வச்சு ஆள் லோரா ஒண்ணு. ரெண்டுமே ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடல் மேல, 512ல ட்ரெயின் பண்ணினது. தனித்தனியா போட்டா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சேத்து போட்டா மட்டும் முகம் கலங்கி போவுது. ஒரு கண்ணு நீளமா சித்திரத்துல உள்ள மாதிரி, இன்னொண்ணு போட்டோ கண்ணு, மீசை எங்க முடியுது உதடு எங்க தொடங்குதுன்னே தெரியல, கன்னத்துல ஒரு மாதிரி பாசி புடிச்ச நிறம். நான் போட்டது இதுதான்:

```
mural painting of pattaa man, old man sitting on a wooden chair, veranda <lora:pattaa_v2:1.0> <lora:suvar:1.0>
```

சைஸ் 512x768, 28 ஸ்டெப், சிஎஃப்ஜி 7. ரெண்டையும் 0.5 ஆக்கினா சேறு கொறையுது, ஆனா பாட்டாவும் போயிடுதாரு, ஏதோ பக்கத்து வீட்டு தாத்தா உக்காந்திருக்காரு. என்ன செய்யணும்?

புளியரை_எட்டு
ப்ரோ இது விஏஇ பிரச்சனை, கடைசில பிக்ஸலா மாத்தி படத்த வெளிய தர்ற பாகம் அது. எனக்கும் இதே மாதிரி சாம்பல் பூத்த மாதிரி வந்துச்சு, `vae-ft-mse-840000-ema-pruned` போட்டேன், கலர் பளிச்னு வந்துருச்சு. செட்டிங்ஸ்ல போயி மாத்துங்க அவ்ளோதான்.

தக்கலை_ஸ்டுடியோ
அதுதான் ஏற்கனவே போட்டிருக்கேன் ப்ரோ. கலர் மங்கல்ல, செவப்பு மஞ்சள்லாம் நல்லா நிக்குது. முகம் மட்டும்தான் கொழம்புது, சட்டைல மடிப்பு கூட தெளிவா இருக்கு.

கொழிஞ்சாம்பாறை_சிவா
இதுக்கு எதுக்குங்க இவ்ளோ யோசனை. லோரா அடுக்கும்போது எல்லாத்தையும் கூட்டுனா 1க்கு மேல போகக்கூடாதுங்க. நீங்க 1ம் 1ம் போட்டு 2 ஆயிருச்சு, அதான் கருகுது. ஆளுக்கு 0.6, ஸ்டைலுக்கு 0.4, முடிஞ்சுது. நான் எப்பவும் அப்படித்தான், ஒருக்கா கூட சேறு வந்ததில்லீங்க.

கோட்டையக்கா
சிவா சொல்றது பாதி சரி. மொத்தமா அளவுக்கு மீறி ஏத்துனா படம் கருகும், அது உண்மை. ஆனா 1ங்கிற எல்லைய யாரும் போட்டு வைக்கல. லோராங்கிறது மூல மாடலோட எடைகள் மேல கூட்டுற ஒரு சின்ன திருத்தம். நீங்க போடுற நம்பர் அந்த திருத்தத்த எத்தனை மடங்கு கூட்டணும்னு மட்டும்தான் சொல்லுது. ஒருத்தர் லேசா ட்ரெயின் பண்ணின லோராவுல 1 போட்டாலும் ஒண்ணும் தெரியாது, இன்னொருத்தர் அழுத்தி ட்ரெயின் பண்ணினதுல 0.4லயே முகம் வெந்து போகும். ரேங்கு, ஆல்ஃபா, எத்தனை ஸ்டெப் ஓட்டினாங்க, லேர்னிங் ரேட்டு, இதெல்லாம் சேந்துதான் அந்த 1க்கு என்ன வலுவுன்னு ஆகுது. ஒரு கடை படிக்கல்லும் இன்னொரு கடை படிக்கல்லும் ஒண்ணா இருக்காதுல்ல, அப்புறம் ரெண்டையும் கூட்டி என்ன கணக்கு பாக்குறது.

தம்பி தக்கலை, நம்பர தொடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணு. ஒரே சீடு, அதாவது ஒரே தொடக்க நம்பர் வச்சு மூணு படம் எடு: ஆள் லோரா மட்டும், ஸ்டைல் மட்டும், ரெண்டும் சேத்து. இத ரெண்டு தடவ பண்ணணும். ஒரு தடவ இப்ப உள்ள மாதிரி முழு உருவம், இன்னொரு தடவ நெஞ்சு வரைக்கும் கிட்டத்துல. எதுக்குன்னா சேறு ரெண்டு வகையா வரும். ஒண்ணு ரெண்டு லோராவும் ஒரே மூஞ்சிக்கு அடிச்சுக்கிறது. இன்னொண்ணு மூஞ்சி ரொம்ப சின்னதா இருக்குறது. 512x768ல ஆள் முழுசா உக்காந்தா தலை ஒரு 70 பிக்ஸல் உயரம் வருமா? மாடல் வேலை செய்யுற இடத்துல அது எட்டுல ஒரு பங்கு, அதாவது ஒம்போது கட்டம் கூட தேறாது. ஒம்போது கட்டத்துக்குள்ள ரெண்டு கண்ணு, மூக்கு, மீசை எல்லாத்தையும் எப்படி அடைக்கும்? அந்த சேத்துக்கு வெயிட்டு மாத்தி பிரயோசனமே இல்ல. எந்த சேறுன்னு தெரியாம நம்பர திருகுனா விடிய விடிய திருக வேண்டியதுதான்.

களியல்_டிஜிட்டல்
அக்கா எனக்கும் இதே பிரச்சனைதான். கல்யாண பேனருக்கு மாப்ள பொண்ணு ரெண்டு பேருக்கும் லோரா பண்ணி ஒரே படத்துல போட்டா மாப்ளைக்கு பொண்ணு மூக்கு, பொண்ணுக்கு லேசா மீசை. மாப்ள வீட்ல பாத்துட்டு ஒரே சிரிப்பாணி. வெயிட்டு எவ்ளோ வைக்கணும்?

கோட்டையக்கா
உங்களது வேற கதைங்க களியல். ரெண்டு ஆள் லோராவும் படம் முழுக்க பரவும், இந்த மூஞ்சிக்கு மட்டும்னு அதுக்கு தெரியாது. முதல்ல எந்த ஆள் லோராவும் இல்லாம ரெண்டு பேர் நிக்கிற படம் எடுங்க, அப்புறம் முகத்த மட்டும் திரும்ப வரையுற ஏடீடெய்லர்ல `[SEP]` போட்டு முதல் முகத்துக்கு ஒரு பிராம்ட், ரெண்டாவதுக்கு ஒரு பிராம்ட்னு பிரிச்சு குடுங்க. செட்டிங்ஸ்ல முகத்த இடமிருந்து வலமா வரிசைப்படுத்த சொல்லிருங்க, இல்லாட்டி மாப்ள இடம் மாறி போவாரு. தனி இழை போட்டு கேளுங்க, இதுல சேத்தா ரெண்டும் கொழம்பும்.

தக்கலை_ஸ்டுடியோ
அக்கா நீங்க சொன்ன மாதிரி ஆறு படமும் எடுத்தாச்சு. கிட்டத்துல: பாட்டா மட்டும் – சுத்தம், மூக்கு பக்கத்து மறு கூட இருக்கு. ஸ்டைல் மட்டும் – சுத்தம், ஆனா மூஞ்சி பச்சை. ரெண்டும் – சேறு. முழு உருவம்: பாட்டா மட்டும் போட்டதே லேசா கொழகொழன்னுதான் இருக்கு. ஸ்டைல் மட்டும் போட்டது பரவால்ல. ரெண்டும் சேத்தது சொல்லவே வேண்டாம்.

அப்போ எனக்கு ரெண்டு சேறும் இருக்கா?

கோட்டையக்கா
ரெண்டும் இருக்கு. முதல்ல கிட்டத்து படத்துலயே சண்டைய தீத்துருவோம், சின்ன மூஞ்சி சங்கதி அப்புறம்.

அந்த பச்சை எங்கேருந்து வந்துச்சு சொல்லு? மாமா வரைஞ்ச 35ம் சாமி படமா?

தக்கலை_ஸ்டுடியோ
ஆமாக்கா முக்காவாசி கிருஷ்ணரு, ராமரு, விஷ்ணு. மியூரல்ல சாத்வீக குணத்துக்கு பச்சைதான்னு மாமா சொல்லுவாரு. கேப்ஷன்ல நான் எல்லாத்துக்கும் வெறும் `suvar mural` மட்டும்தான் எழுதினேன்.

கோட்டையக்கா
அதான் விசயம். கேப்ஷன்ல எத எழுதலையோ அது எல்லாம் ட்ரிக்கர் சொல்லோடயே ஒட்டிக்கிடும். பச்சை தோலு, மீன் மாதிரி நீண்ட கண்ணு, தடிச்ச உதடு, கனமான காதணி எல்லாமே உன் லோராவுக்கு "ஸ்டைல்". அதாவது உன் ஸ்டைல் லோராவுக்குள்ளயே ஒரு மூஞ்சி உக்காந்திருக்கு. பாட்டா லோராவுக்குள்ள இன்னொரு மூஞ்சி. ரெண்டும் ஒரே லேயருல கூட்டல் ஆகுது, நீண்ட கண்ணும் சுருங்கின கண்ணும் கூட்டுனா நடுவுல ஒரு கண்ணு வராது, கலங்கல்தான் வரும். பாசி நிறம்னு சொன்னியே, அது பாட்டா மாநிறமும் கிருஷ்ணர் பச்சையும் கலந்தது. சேறுங்கிற பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்க.

நேரம் இருந்தா `green skin`, `elongated eyes`, `heavy earrings`னு கேப்ஷன்ல எழுதி திரும்ப ட்ரெயின் பண்ணு, அப்புறம் அதுகள கழட்டி வைக்கிறது சுலபம். நேரம் இல்லன்னா கட்டம் போடு. எக்ஸ்/ஒய்/இசட் ப்ளாட்ல ரெண்டு அச்சுக்கும் `Prompt S/R` எடுத்துக்க:

```
X: pattaa_v2:1, pattaa_v2:0.9, pattaa_v2:0.8, pattaa_v2:0.7, pattaa_v2:0.6
Y: suvar:1, suvar:0.8, suvar:0.6, suvar:0.4
```

ஒரே சீடுல முடிவு கட்டாத, மூணு சீடுல பாரு. ஒரு சீடுல அதிர்ஷ்டத்துக்கு நல்லா வரும், அத நம்பி போயி மறுநாள் திரும்ப எடுத்தா சேறுதான்.

தக்கலை_ஸ்டுடியோ
அக்கா போட்டேன், முதல் கட்டத்துல மட்டும் ரெண்டு லோராவும் இருக்கு, தள்ளி போகப் போக லோராவே ஏறல, வெறும் எவனோ ஒரு கிழவன். கருப்பு விண்டோல செவப்பா என்னமோ ஓடுது.

நகரி_நெசவு
அண்ணா உங்க பிராம்ட்ல `1.0`ன்னு இருக்கு, அக்கா குடுத்த லிஸ்ட்ல `1`ன்னு இருக்கு. அது தேடி மாத்துறதுல `pattaa_v2:1`க்கு பதிலா `pattaa_v2:0.9` போட்டுட்டு பின்னாடி இருக்குற `.0`வ விட்ருச்சு, `0.9.0` ஆயிருக்கும். பிராம்ட்ல வெறும் `1` போடுங்க. நானும் ஒரு ராத்திரி பூரா இதுல மாட்டி இருக்கேன்.

தக்கலை_ஸ்டுடியோ
அய்யோ ஆமா. நன்றி நகரி. 60 படம் வந்தாச்சு, கண்ணு பூத்து போச்சு பாத்து பாத்து. நான் பாத்தத அப்படியே சொல்லுதேன். ஆள் 0.7க்கு கீழ போனா மறு முதல்ல காணாம போவுது, அப்புறம் மூக்கு, 0.6ல எங்க சித்தப்பா மாதிரி இருக்காரு. ஸ்டைல் 0.4ல வெறும் போட்டோ மேல காவி கலர் தெளிச்ச மாதிரி, கோடே இல்ல. ரெண்டும் 0.8க்கு மேல எங்க பாத்தாலும் சேறு. 0.8 ஆளு, 0.6 ஸ்டைலு, அந்த ஒரு கட்டம்தான் மூணு சீடுலயும் ஆள் தெரியுது, ஆனா ரெண்டு சீடுல மேல் இமை ரெட்டை கோடா இருக்கு.

கோட்டையக்கா
நல்லா பாத்திருக்க. அந்த ரெட்டை இமைதான் அடையாளம், முழு சேறா ஆகுறதுக்கு முன்னாடி அது வரும். கண்மணி ரெண்டும் வேற வேற வடிவம், இமைக்கு ரெண்டு கோடு, உதட்டு விளிம்பு மீசைக்குள்ள கரையுறது, இந்த மூணையும் 200 சதவீதம் பெருசு பண்ணி பாத்துக்கணும். மொத்தமா தள்ளி வச்சு பாத்தா எல்லாமே அழகாத்தான் தெரியும்.

இன்னும் கொஞ்சம் எறக்கலாம், 0.8க்கு 0.55. கூடவே பிராம்ட் பக்கம் படத்த எவ்ளோ இழுக்கணும்னு சொல்ற சிஎஃப்ஜிய 7லேர்ந்து 5க்கு கொண்டு வா. லோரா அடுக்குனா அந்த இழுப்பு ஏற்கனவே ஜாஸ்தி, சிஎஃப்ஜி அத இன்னும் முறுக்கும்.

கொழிஞ்சாம்பாறை_சிவா
0.8ம் 0.55ம் கூட்டுனா 1.35 ஆச்சுங்களே அக்கா. என் கணக்கு தப்புங்கிறீங்களா?

கோட்டையக்கா
உங்க லோராக்களுக்கு சரியா இருந்திருக்கும் சிவா, ஒரே ஆள் ஒரே மாதிரி செட்டிங்ல ட்ரெயின் பண்ணினதா இருந்தா ஒரு எடை வந்துரும். மத்தவங்க லோராவுக்கு எடுத்துட்டு போனா நிக்காது.

கொழிஞ்சாம்பாறை_சிவா
எல்லாம் நான் பண்ணினதுதானுங்க, அதே கான்ஃபிக் ஃபைலு. சரி சரி, ஒத்துக்கறேன் பாதி.

நகரி_நெசவு
அண்ணா ஒரு விசயம், நம்பர மட்டும் மாத்தாம நேரத்த மாத்தி பாருங்க. நான் காளஹஸ்தி கலம்காரி மாதிரி ஸ்டைல்ல எங்க நாயனம்மாவ பண்ணினேன், இங்க நகரி பக்கம் பாட்டிய அப்படித்தான் கூப்பிடுவோம். லோராவ ஸ்டெப் வாரியா, லேயர் வாரியா பிரிச்சு விடுற பிளாக் வெயிட் எக்ஸ்டென்ஷன்ல ஸ்டைல முதல் 12 ஸ்டெப்போட நிறுத்திட்டேன், அதுக்கப்புறம் ஆள் மட்டும். இப்படி:

```
<lora:nayanamma:0.8> <lora:kalam:0.9:stop=12>
```

மொத்த அமைப்பு கலம்காரி, மூஞ்சி அவங்களது. சதுர பிராக்கெட்டுக்குள்ள லோராவ வச்சு மாத்தலாம்னு நெனச்சேன், அது நடக்கல, லோரா டேக்க அது முன்னாடியே எடுத்து தனியா வச்சிருது.

கோட்டையக்கா
கலம்காரிக்கு அது ஒத்து வரும், ஏன்னா அங்க அமைப்பும் கரையும்தான் முக்கியம். மியூரல்ல எனக்கு எதிர்மாறாத்தான் தோணுது. முதல் ஸ்டெப்புகள்லதான் தலை வடிவம், கண்ணு எங்க எவ்ளோ நீளம்னு எல்லாம் முடிவாகும். அப்ப ஸ்டைல விட்டா கிருஷ்ணர் கண்ணு உக்காந்துரும், அப்புறம் பாட்டா வந்து என்ன செய்வாரு. நான் ஸ்டைல `start=8`னு பின்னாடிதான் விடுவேன்.

நகரி_நெசவு
பின்னாடி விட்டா அது போட்டோ மேல ஃபில்டர் மாதிரிதானே அக்கா ஆகும்? துணி மடிப்பு, உக்கார்ற நிலை எதுலயும் ஸ்டைல் வராது.

கோட்டையக்கா
அதுவும் வாஸ்தவம். அதனாலதான் எனக்கு நேரத்த விட லேயர பிரிக்கிறது புடிக்கும். அதே எக்ஸ்டென்ஷன்ல `OUTS`னு ஒரு ப்ரீசெட் இருக்கு, படம் வரையுற பிளாக்குகள்ல கடைசி அஞ்சு அவுட் பிளாக்கு மட்டும். நிறம், கோட்டு அழுத்தம் பெரும்பாலும் அங்க வருது. முக அமைப்பு அதுக்கு உள்ளாற இருக்குற பிளாக்குல. இது சட்டம் இல்ல, லோராவுக்கு லோரா மாறும், ஆனா தொடங்க நல்ல இடம்.

```
<lora:pattaa_v2:0.8> <lora:suvar:0.8:lbw=OUTS>
```

தக்கலை_ஸ்டுடியோ
மூணையும் போட்டு பாத்தேன். நகரி சொன்ன `stop=12`: உக்கார்ற நிலை அருமை, அரண்மனை சுவர்லேர்ந்து எறங்கி வந்த மாதிரி, ஆனா கண்ணு நீளம்தான். அக்கா சொன்ன `start=8`: கண்ணு பாட்டா, மத்ததெல்லாம் சாயம். `OUTS`: பச்சை மொத்தமா போச்சு, கண்ணு பாட்டாவோடது, கறுப்பு கோடு நல்லா விழுது, ஆனா வேட்டி மடிப்பு சாதா வேட்டி. மியூரல்ல மடிப்பு அலை அலையா வரும்லா, அது இல்ல. மூணுல எது சரின்னு சொல்லத் தெரியல.

கடைசில ஸ்டைல பழையபடி 0.55 ஃபுல்லா வச்சு முழு உருவம் எடுத்துட்டேன், மடிப்புக்காக. முகத்துக்கு தனியா என்ன செய்யணும்? அந்த ஒம்போது கட்டம் சங்கதி.

கோட்டையக்கா
அதுக்கு ஏடீடெய்லர். `face_yolov8n.pt` முகத்த தேடி எடுத்து, பெருசாக்கி வரைஞ்சு, சுருக்கி திரும்ப ஒட்டும். மூஞ்சிக்கு ஒம்போது கட்டத்துக்கு பதிலா முழு 512ம் கெடைக்கும். அதோட பிராம்ட் பெட்டிய காலியா விட்டா மேல உள்ள பிராம்ட்டயே எடுத்துக்கும், அதே சண்டை பெருசா நடக்கும். அதனால அங்க தனியா எழுது:

```
mural painting of pattaa man, old man, face <lora:pattaa_v2:0.85> <lora:suvar:0.8:lbw=OUTS>
```

முகத்த எவ்ளோ மாத்தி வரையலாம்னு சொல்ற டீனாய்ஸ 0.4ல தொடங்கு. உடம்புக்கு ஒரு வெயிட்டு, மூஞ்சிக்கு ஒரு வெயிட்டுன்னு பிரிஞ்சதும் ஒரே நம்பருக்குள்ள ரெண்டையும் திருப்தி பண்ற தொல்லை விட்டுது.

தக்கலை_ஸ்டுடியோ
0.4ல மறு வந்துட்டு! இமை ஒத்த கோடு. 0.6 வச்சு பாத்தேன், தலைய வேற பக்கம் திருப்பிட்டாரு, கழுத்துல ஒட்டு தெரியுது. ஒரு சீடுல முகத்தையே கண்டுபிடிக்கல, லேசா பக்கவாட்டுல இருந்தது.

முதல் தடவ தப்பா ஏடீடெய்லர்ல ஸ்டைல் போடாம பாட்டா மட்டும் போட்டுட்டேன், சித்திர ஒடம்புல பாஸ்போர்ட் போட்டோ வெட்டி ஒட்டின மாதிரி இருந்துச்சு.

கோட்டையக்கா
ஆமா, முகத்துல ஸ்டைல ஒரேயடியா கழட்டுனா ஸ்டிக்கர் ஆயிரும். கண்டுபிடிக்காததுக்கு கான்ஃபிடன்ஸ் 0.3ல இருக்கும், 0.2க்கு எறக்கு. அந்த மாடல் நெசமான மூஞ்சிக்கு பழகினது, கோட்டுச் சித்திரத்துல அப்பப்ப தடுமாறும்.

களியல்_டிஜிட்டல்
அக்கா `[SEP]` வேலை செஞ்சுது. பொண்ணுக்கு மீசை போயிட்டு. மாப்ளைக்கும் போயிட்டு, அது வேற.

தக்கலை_ஸ்டுடியோ
A3ல பிரிண்ட் எடுத்து அம்மைகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணு அப்படியே அப்பாவோடதுன்னு சொன்னாங்க, மறுவ தொட்டு பாத்தாங்க. அப்புறம் "எலே, உங்க பாட்டா எப்பலே காது வளத்தாரு?"ன்னு ஒரு கேள்வி. அப்பதான் பாக்குறேன், காது தோளு வரைக்கும் தொங்குது, அதுல ஒரு குண்டலம் வேற.

நகரி_நெசவு
😂😂 கிருஷ்ணர் காது அண்ணா அது.

கோட்டையக்கா
முகத்துக்கு போடுற மாஸ்க் காது வரைக்கும் எட்டியிருக்காது, காது உடம்பு பிராம்ட்ல வந்தது. ஆனா ஆள் லோரா 0.8ல இருக்கும்போது அதுவும் காதுக்கு கொஞ்சம் சண்டை போட்டிருக்கணுமே. அந்த 22 போட்டோவுல காது எப்படி இருக்கு?

தக்கலை_ஸ்டுடியோ
இப்பதான் ஃபோல்டர தொறந்து பாத்தேன். 22லயும் பாட்டா தலைல தோர்த்து கெட்டியிருக்காரு. ஒரு போட்டோவுல கூட காது வெளிய இல்ல.

கோட்டையக்கா
அப்போ அவர் காது எப்படி இருக்கும்னு லோராவுக்கே தெரியாது. எதிர்த்து நிக்க ஆள் இல்லாத இடத்துல ஸ்டைல் பூந்துருச்சு. காத சுத்தி கையால மாஸ்க் வரைஞ்சு ஸ்டைல 0.2க்கு எறக்கி இன்பெயிண்ட் பண்ணலாம், ஆனா வர்றது ஏதோ ஒரு காதாத்தான் இருக்கும், அவர் காதா இருக்காது.

கொழிஞ்சாம்பாறை_சிவா
ஏனுங்க, பேசாம படத்துலயும் தோர்த்த கெட்டி விட்ருங்களேன். அவரு எப்பவும் கெட்டுறதுதானுங்களே.

தக்கலை_ஸ்டுடியோ
பிராம்ட்ல `towel turban` சேத்தாச்சு. அம்மை பாத்துட்டு, தோர்த்துல செவப்பு கரை வேணும், பச்சை கரை பாட்டா கெட்டமாட்டாருன்னு சொல்லிட்டாங்க. மாத்திட்டு இருக்கேன்.